சம்மதம் கேட்க மறந்தோம், 'ஐ லவ் யூ' கேட்க அவசரப்படுகிறோம்



நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுதாக வாசியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

போன கிழமை அஸருக்குப் பிறகு என்னிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். ஓ.எல். வரைக்கும் என் வகுப்பு. இப்போது வயது 22. ஐந்து மாதத்துக்கு முன் கலியாணம் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கட்டாரில். வாப்பா மேசன் வேலை. மகளுக்கென்று கட்டும் வீட்டில் சுவர் எழும்பிவிட்டது, தட்டு இன்னும் போடவில்லை. மாப்பிள்ளை அடுத்த வருசம் லீவில் வரும்போது காவின்.

பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தாள். கடைசியில் கேட்டாள்: "டீச்சர், ஒருத்தர் 'ஐ லவ் யூ' எண்டு அனுப்பினா, அதுக்குப் பதில் அனுப்பாட்டி குத்தமா?"

இந்தக் கேள்வியைத்தான் இந்தப் பதிவு முழுக்கப் பேசப்போகிறேன். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். யாரும் துருவ வேண்டாம். துருவினாலும் பத்து வீட்டுக் கதையோடு ஒத்துப்போகும், அவ்வளவு பொதுவான கதை.

நடந்தது இதுதான். பேசி முடித்து மூன்றாம் நாள் மாப்பிள்ளை வாட்ஸ்அப்பில் வந்தார். ஸலாம், சாப்பாடு, வேலை என்று இரண்டு நாள் கதை. ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு 'ஐ லவ் யூ' என்று வந்தது. பிள்ளைக்கு அந்த மனிதரின் குரல்கூட இன்னும் மனதில் பதியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று பத்து நிமிசம், அதுவும் மாமி, மதினி எல்லோருக்கும் நடுவில். என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு சிரிப்பு எமோஜி போட்டாள்.

"சிரிக்கிறதா? நான் சீரியஸா சொன்ன" என்று வந்தது. பிறகு, "நீங்களும் சொல்லுங்க". பிறகு, "ஏன் சொல்றீங்க இல்ல? வேற யாரும் இரிக்காங்களா?"

இந்த மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். ஐந்து நாள் பழக்கத்தில் ஒரு பெண் 'காதலிக்கிறேன்' என்று சொல்லவில்லை என்றால், அதற்கு ஒரே காரணம் அவளுக்கு வேறு ஒருவன் இருப்பதுதான் என்று முடிவு. இன்னும் ஆளையே அறியவில்லை என்பது ஒரு காரணமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆத்திரம். அந்த உரையாடல் ஸ்கிரீன்ஷாட்டாக மாப்பிள்ளையின் ராத்தாவுக்குப் போனது. ராத்தாவிடமிருந்து உம்மாவுக்கு. உம்மாவிடமிருந்து கலியாணம் பேசிய புரோக்கருக்கு. புரோக்கரிடமிருந்து பிள்ளையின் உம்மாவுக்கு. கட்டாரில் ஒரு அறையில் கேட்கப்பட்ட கேள்விக்கு மூன்றாம் நாள் இந்த ஊரில் ஐந்து பேர் பதில் தேடினார்கள். பிள்ளையின் உம்மா குசினியில் வைத்துச் சொன்னாராம்: "ஒரு வார்த்த தானே மகள், சும்மா சொல்லிடு. வாப்பா கடன் பட்டுத்தான் வீடு கட்டுறார்."

அவள் சொல்லிவிட்டாள். டைப் பண்ணி அனுப்பிவிட்டு அழுதாளாம். அது சொன்னதோடு முடியவும் இல்லை. 'லவ் பண்றீங்க தானே, அப்ப ஒரு ஃபோட்டோ அனுப்புங்க' என்றார். 'லவ் பண்றீங்க தானே, அப்ப வீடியோ கோல் வாங்க' என்றார். சொன்ன சொல்லை வைத்தே அடுத்தது கேட்கப்பட்டது. என்னிடம் வந்த அன்று அவள் இரண்டாவது கேள்விக்கு என்ன செய்வதென்றுதான் வந்திருந்தாள்.

இப்போது என் வாதத்துக்கு வருகிறேன்.

நமது ஊரில் ஒரு பெண்ணின் வாயிலிருந்து ஒரு சொல் கட்டாயம் வரவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. 'இந்த மாப்பிள்ளை உனக்கு விருப்பமா?' என்று கேட்கும் இடம். அந்த இடத்தில் நாம் என்ன செய்கிறோம்? சாச்சி உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "புள்ள ஒண்டும் சொல்லல்ல, விருப்பம்தான்" என்று சபைக்குச் சொல்லிவிடுகிறார். ஹதீஸைக் காட்டுவோம்: கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதம் என்று. அந்த ஹதீஸின் தொடக்கம், அவளிடம் கேட்க வேண்டும் என்பது. வெட்கப்படுகிறவளை வாய்விட்டுச் சொல்ல வைத்துச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதற்காகக் கொடுக்கப்பட்ட சலுகை மௌனம். கேட்காமலே விடுவதற்கு அது ஆதாரமாகாது.

சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டது. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவில் மாப்பிள்ளை கையெழுத்து வைக்க வேண்டும், வலீ கையெழுத்து வைக்க வேண்டும், நிக்காஹ் நடத்தியவர் வைக்க வேண்டும். பெண்ணின் கையெழுத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை. அதைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை கையளிக்க 2018 ஆனது. ஒன்பது வருடம். ஒரு பெண்ணின் கையெழுத்துக்கு ஒன்பது வருடம் பொறுமையாக இருந்த சமூகம், அவளுடைய 'ஐ லவ் யூ'வுக்கு ஐந்து நாள் பொறுக்க மாட்டேன் என்கிறது.

மௌனமாக இருக்க உரிமை உள்ள இடத்தில் பேச வைக்கிறோம். பேச வேண்டிய இடத்தில் மௌனத்தை எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் தலைகீழ்.

இதில் நமது பேச்சுத் தமிழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கம் 'விருப்பம்' என்ற ஒரே சொல்லைத்தான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறோம். 'புள்ளைக்கு விருப்பமாம்' என்றால் கலியாணத்துக்குச் சம்மதம். 'எனக்கு அவர விருப்பம்' என்றால் காதல். 'ஆள் நல்லம், விருப்பம்தான்' என்றால் பரவாயில்லை என்ற அளவு. பிள்ளை முதலாவது அர்த்தத்தில் 'விருப்பம்' சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை அதை இரண்டாவது அர்த்தத்தில் விளங்கிக்கொண்டு, 'விருப்பம் எண்டு சொல்லித்தானே பேசி முடிச்ச, இப்ப என்ன' என்று கேட்பார். இவரோடு வாழ்ந்து பார்க்கத் தயார் என்பது வேறு, இவர்மேல் எனக்கு அன்பு வந்துவிட்டது என்பது வேறு. முதலாவது ஒரு முடிவு, ஒரு நாளில் எடுக்கலாம். இரண்டாவதை முடிவெடுத்து வரவழைக்க ஏலாது.

சரி, மாப்பிள்ளைமாரை மட்டும் அடிக்க நான் எழுதவில்லை. அவசரப்பட்ட ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். என் கூடப்பிறந்த தம்பி.

தம்பி தம்மாமில் வேலை. நான்கு வருடத்துக்கு முன் அவனுக்குக் கலியாணம் பேசியபோது அவனும் ஒரு கிழமைக்குள் இதே வேலையைத்தான் பார்த்தான். மச்சி அப்போது சொன்ன பதில், "எனக்கு இன்னும் அப்பிடி வரல்ல. பொய் சொல்ல விருப்பமில்ல." ஒன்பது நாள் அவன் அவளோடு பேசவில்லை. எனக்குக் கோல் எடுத்துக் கொதித்தான். ஏன்டா இந்த அவசரம் என்று கேட்டேன். அவன் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை: "ராத்தா, ரூமுல நாங்க எட்டுப் பேர். ராவைக்கு ஏழு பேரும் ஃபோனோட சிரிப்பானுகள். எனக்கு ரெண்டு வருசத்துக்கு நாப்பது நாள்தான் லீவு. அதுக்குள்ள கலியாணம், வாழ்க்க, எல்லாம். எனக்கு மெதுவா விரும்ப நேரம் எங்க இரிக்கி?"

இது நியாயமான வலி. நாற்பது நாள் லீவில் வாழ்க்கையைத் தவணை முறையில் வாழ்கிறவனுக்குக் காத்திருப்பது பயம். வீடு கட்டி முடியும் வரை பெண் வீட்டார் மனம் மாறிவிடுவார்களோ, வேறு பெரிய இடம் வந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயத்துக்கு ஒரு உத்தரவாதம் வேண்டும். அதைத்தான் அவன் 'ஐ லவ் யூ' என்று கேட்கிறான். ஆனால் பயத்தில் கேட்கிற உத்தரவாதத்தை எவ்வளவு கொடுத்தாலும் போதாது. இன்றைக்குச் சொன்னால் நாளைக்குத் திரும்பக் கேட்பான். நிஜமாகச் சொன்னாளா என்று கேட்பான். பிறகு ஃபோட்டோ கேட்பான்.

அவசரம் வேறுபடுவது நமது ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் இதை ஆராய்ந்து 2011 இல் ஒரு கட்டுரை வந்தது. காதலைப் பெண்தான் முதலில் சொல்லுவாள் என்று அங்கே பெரும்பாலானவர்கள் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது பெரும்பாலும் முதலில் சொன்னது ஆண். சொல்லலாமா என்ற யோசனையே ஆணுக்குப் பெண்ணைவிட ஏறத்தாழ ஆறு கிழமை முந்தி வந்திருக்கிறது. வருடக்கணக்காக ஒன்றாகச் சுற்றித் திரிகிற நாட்டிலேயே ஆறு கிழமை வித்தியாசம் என்றால், பத்து நிமிசம் பார்த்துப் பேசி முடித்த இடத்தில் ஐந்து மாதம் வித்தியாசம் இருப்பதில் என்ன அதிசயம்? வேகம் ஒத்துவராததை ஏமாற்று என்று எடுக்க வேண்டாம். இரண்டு மனிதர்கள் என்றால் அப்படித்தான்.

அப்படியானால் எப்போது சொல்வது? நான் மௌலவியும் இல்லை, மனோதத்துவ நிபுணரும் இல்லை. கலாசாலையில் எங்களுக்குப் பயிற்சி தந்தபோது ஒரு விரிவுரையாளர் சொல்வார்: பதில் தெரிந்துகொண்டு கேட்கும் கேள்வி பரீட்சை, பதில் தெரியாமல் கேட்பதுதான் கேள்வி. அதை வைத்துத்தான் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் சொல்கிறவருக்கு ஒரே ஒரு சோதனை. நான் இதைச் சொன்ன பிறகு அந்தப் பக்கம் ஒரு மாதம் பதிலே வராவிட்டாலும், சொன்னதற்காக நான் சந்தோசப்படுவேனா? ஆம் என்றால் சொல்லுங்கள். இல்லை, பதில் வராவிட்டால் எரிச்சல் வரும் என்றால், நீங்கள் சொல்லத் தயாராகவில்லை. கேட்கத்தான் தயாராகியிருக்கிறீர்கள். அப்போது அந்த வசனத்தின் முடிவில் நீங்கள் எழுதாத ஒரு கேள்விக்குறி இருக்கும். 'ஐ லவ் யூ, நீங்க?' அந்த 'நீங்க?'வை வெட்டி எறிந்துவிட்டுச் சொல்ல முடிகிற நாள்தான் சரியான நாள்.

நேரமும் முக்கியம். சண்டை பிடித்த இரவில் சமாதானத்துக்காகச் சொல்லக் கூடாது. ஏதோ ஒன்றைக் கேட்கப் போவதற்கு ஐந்து நிமிசம் முந்திச் சொல்லக் கூடாது. கூட்டாளிமார் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்க்கும்போது சொல்லக் கூடாது. நள்ளிரவில் எழுத்தில் சொல்வதைவிட பகலில் குரலில் சொல்வது நல்லது, ஏனென்றால் எழுத்து ஸ்கிரீன்ஷாட் ஆகும். குரலில் தடுமாற்றம் கேட்கும், அந்தத் தடுமாற்றம் உண்மையைக் காட்டும்.

சொல்லும் அளவுக்கு இன்னும் வராவிட்டால் அதைவிடச் சின்ன உண்மைகள் எத்தனையோ இருக்கின்றன. 'உங்கட மெசேஜ் வந்தா சந்தோசமா இரிக்கி.' 'இண்டைக்கு வகுப்புல ஒரு விசயம் நடந்த, முதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லணும் போல இருந்த.' இவை 'ஐ லவ் யூ'வைவிடச் சின்னவை. ஆனால் பொய் இல்லை. இப்படிப் பத்து உண்மை சேர்ந்த பிறகு அந்தப் பெரிய வசனம் தானாக வரும். வராவிட்டாலும் அந்தப் பத்தும் வீண்போகாது.

இனி, கேட்டவர் தயாராக இல்லாதபோது என்ன சொல்வது? எங்கள் பிள்ளைகள் மூன்று பிழை விடுகிறார்கள். ஒன்று, எமோஜி போட்டுத் தப்புவது. அதை அந்தப் பக்கம் கேலி என்று எடுக்கும். இரண்டு, புளூ டிக் காட்டிவிட்டு மறைவது. அதை அவமதிப்பு என்று எடுக்கும். மூன்று, நெருக்குதலில் பொய்யாகத் திருப்பிச் சொல்வது. இதுதான் மூன்றிலும் கேடு. பிறகு உண்மையிலேயே அன்பு வந்து சொல்லும் நாளில், அந்தச் சொல் ஏற்கனவே செலவாகிப் போயிருக்கும்.

செய்ய வேண்டியது, கேட்டதை மதித்து, தன் நிலையைச் சொல்லி, கதவைத் திறந்து வைப்பது. அந்தப் பிள்ளைக்கு நானும் அவளும் இருந்து எழுதிய செய்தி இது: "நீங்க சொன்னத நான் லேசா எடுக்கல்ல. அண்டைக்கு நான் திருப்பிச் சொன்ன, மத்தாக்கள் நெருக்கினதால. அது சரியில்ல, மன்னிச்சிடுங்க. எனக்கு ஒங்கள அறிய இன்னும் நேரம் வேணும். வேற யாரும் இல்ல. எனக்கு வரும்போது நானாச் சொல்ற. அதுவரைக்கும் ஃபோட்டோ, வீடியோ கோல் வேணாம். ஒங்கட வேல, ஒங்கட வீடு, சின்ன வயசுக் கதை எல்லாம் சொல்லுங்க, கேக்க விருப்பம்."

அனுப்ப முன் பத்துத் தரம் அழித்தாள். 'வேற யாரும் இல்ல' என்பதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். தேவையில்லாத கேள்விக்கு ஏன் பதில் என்றாள். எனக்கு அது சரியாகப் பட்டது. ஆனாலும் அவரது பயம் அதுதான், அதை ஒரு தரம் தீர்த்துவிடு, இரண்டாம் தரம் கேட்டால் பதில் சொல்லாதே என்றேன்.

அனுப்பிய பிறகு பார்க்க வேண்டியது அடுத்த ஒரு கிழமையை. ஒரு ஆளின் அன்பை அவர் 'ஐ லவ் யூ' சொல்லும்போது அளக்க ஏலாது. 'இன்னும் இல்லை' என்ற பதில் கிடைத்த பிறகு நடந்துகொள்வதில் அளக்கலாம். கோபிப்பது மனித இயல்பு, என் தம்பி ஒன்பது நாள் கோபித்தான். கோபம் ஆறி ஒரு கேள்வி கேட்டால், 'சரி, நீங்க சின்ன வயசுல எங்க ஓதின' என்று கேட்டால், அந்த மனிதர் காத்திருக்கக்கூடியவர். திரும்பத் திரும்ப அதையே கேட்டால், ராத்தா மூலம் ஆள் அனுப்பினால், 'அப்ப நிப்பாட்டுவோமா' என்று மிரட்டினால், நிக்காஹுக்குப் பிறகும் ஒவ்வொரு 'இன்னும் இல்லை'க்கும் இதுதான் நடக்கும். இதை இப்போதே தெரிந்துகொள்வது ரஹ்மத்.

மறுபக்கம், மெதுவாக வருகிறவரும் தன்னைத்தான் ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. 'இன்னும் இல்லை' வேறு, 'ஒருநாளும் வராது' வேறு. வித்தியாசம் எப்படித் தெரியும்? மெதுவாக வருகிறவள் கேள்வி கேட்பாள், அவர் சொன்னதை ஞாபகம் வைப்பாள், கோல் வராவிட்டால் ஒரு தரமாவது ஃபோனைப் பார்ப்பாள். வராத இடத்தில் கோல் வெட்டுப்பட்டால் நிம்மதி வரும். பெயர் திரையில் தெரிந்தாலே வயிறு இறுகும். மாதம் போகப் போக அந்த நிம்மதியும் இறுக்கமும் கூடினால், அதை உம்மாவிடமோ வாப்பாவிடமோ சொல்லியே ஆக வேண்டும். அதுவும் தட்டுப் போட முன்.

ஏன் தட்டைச் சொல்கிறேன்? நமது பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறவர். வீடு பெண் வீட்டார் கொடுப்பது. பேசி முடிப்பதற்கும் காவினுக்கும் நடுவில் ஒரு வருடமோ இரண்டு வருடமோ இழுபடுவது பெரும்பாலும் இந்த வீட்டால்தான். கொங்கிரீட் ஊற்றக் கடன் எடுத்த பிறகு, 'எனக்கு ஏலாது வாப்பா' என்று எந்தப் பிள்ளையும் வாய் திறப்பதில்லை. அவள் மௌனத்தை அப்போதும் சம்மதம் என்று எழுதிக்கொள்வோம். அந்தப் பிள்ளையின் வாப்பா மேசன். தட்டுப் போட்டால் மூன்று கிழமைக்கு முன் முட்டைக் கழட்ட விடமாட்டாராம். ஆர் அவசரப்படுத்தினாலும் விடமாட்டாராம். கொங்கிரீட்டுக்குக் கொடுக்கும் நாளை மகளின் மனதுக்கும் கொடுங்கள் என்று அவரிடம் நேரில் போய்ச் சொல்ல இருக்கிறேன்.

இப்போது கமெண்டில் வரப்போகும் இரண்டு கேள்விக்கு முன்கூட்டியே பதில்.

முதலாவது: 'பேசி முடித்தாலும் நிக்காஹ் வரை அந்நியர்தானே டீச்சர், ஃபோனில் பேசுவதே பிழை, நீங்கள் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுக்கிறீர்களா?' நிக்காஹ் வரை அந்நியர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அப்படியானால் அந்தச் சட்டத்தை முதல் மெசேஜ் அனுப்பிய ஃபோனில் இருந்து தொடங்குங்கள். நமது வீடுகளில் சோதிக்கப்படுவது பெண் பிள்ளையின் ஃபோன் மட்டும்தான். மாப்பிள்ளையின் உம்மாவே ஸ்கிரீன்ஷாட்டைக் கையில் வைத்துக்கொண்டு 'ஏன் பதில் சொல்லல்ல' என்று கேட்கும் ஊரில் இருந்துகொண்டு, பிள்ளை பேசக் கற்றுக்கொண்டால் மட்டும் மார்க்கம் ஞாபகம் வருவது நியாயமா? நிக்காஹ் வரை பேசவே இல்லை என்றாலும் இந்தக் கேள்வி மறையாது. காவின் எழுதிய அன்று இரவு அது வரும். அப்போதும் ஒருவருக்கு முந்தி வரும், மற்றவருக்குப் பிந்தி வரும்.

இரண்டாவது: 'கணவன் மனைவிக்குள் என்ன இந்த வெள்ளைக்காரச் சொல்?' சொல் ஆங்கிலம், செயல் நமது. ஒருவர் தன் சகோதரனை நேசித்தால் அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அபூதாவூதில் வரும் நபிமொழியின் கருத்து. மக்களில் உங்களுக்கு மிக விருப்பமானவர் யார் என்று அம்ரிப்னுல் ஆஸ் கேட்டபோது, ரசூலுல்லாஹ் ஆயிஷா என்று பெயர் சொன்னார்கள். சொல்வது நமது மார்க்கத்தில் வெட்கம் இல்லை. இருபது வருடம் சொல்லாமலே குடும்பம் நடத்துவதுதான் நாம் ஊரில் பழகிக்கொண்டது.

ஆனால் சொல்வதற்கு உரிமை இருப்பது போல, திருப்பிச் சொல்லாமல் இருக்கவும் உரிமை இருக்கிறது. அதற்கும் ஆதாரம் புகாரியில் இருக்கிறது, பரீராவின் சம்பவம். பரீரா அடிமையாக இருந்து விடுதலையானவர். விடுதலையானதும் முன்பிருந்த திருமண உறவைத் தொடர்வதா விடுவதா என்று தெரிவு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அவர் விட்டுவிட்டார். அவரது கணவர் முகீஸ் அவரை அவ்வளவு விரும்பினார். மதீனாவின் தெருக்களில் அவருக்குப் பின்னால் அழுதுகொண்டு போனார், கண்ணீர் தாடியில் வடிந்தது என்று இப்னு அப்பாஸ் அறிவிக்கிறார். நபியவர்களுக்கே இரக்கம் வந்து, அவரிடம் திரும்பிப் போகலாமே என்று பரீராவிடம் கேட்டார்கள். இது உங்கள் கட்டளையா என்று பரீரா கேட்டார். இல்லை, பரிந்துரைதான் என்றார்கள். அப்படியானால் எனக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அதோடு விசயம் முடிந்தது.

இதைவிட வேகம் ஒத்துவராத காதல் இருக்குமா? ஒருவர் தெருவில் அழுகிறார், மற்றவருக்குத் துளியும் இல்லை. முகீஸின் கண்ணீர் பொய்யில்லை. அதற்காகப் பரீரா குற்றவாளி ஆகவில்லை. யாரும் அவரிடம் 'வேற யாரும் இரிக்காங்களா' என்று கேட்கவில்லை. பரிந்துரைத்தவர் அல்லாஹ்வின் தூதர், அவருக்கே ஒரு பெண்ணால் 'இல்லை' சொல்ல முடிந்தது. கட்டார் மாப்பிள்ளைக்கு 'இன்னும் இல்லை' என்று சொல்ல நமது பிள்ளைக்கு முடியாது என்றால், நாம் எந்த ஊரில் வாழ்கிறோம்?

என் தம்பி கதையின் மீதியைச் சொல்லி முடிக்கிறேன். பத்தாம் நாள் அவன் மச்சிக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினான்: "நான் சொன்னது சொன்னதுதான். நீ திருப்பித் தரத் தேவல்ல. இனிக் கேக்க மாட்டன்." உண்மையிலேயே கேட்கவில்லை. காவின் முடிந்து, லீவு முடிந்து திரும்பிப் போய், அடுத்த லீவும் வந்தது. அந்த லீவில் அவனுக்கு டெங்கு. மூன்று இரவு மச்சி ஆஸ்பத்திரி வாசலில் இருந்தாள். நாலாம் இரவு அவன், "நீ வீட்ட போய்ப் படு, நான் பாத்துக்குவன்" என்றானாம். கையில் சேலைன் ஊசியோடு. மச்சிக்குச் சிரிப்பு வந்ததாம். "இப்ப சொல்லலாம் போல இரிக்கி" என்று தொடங்கிச் சொன்னாளாம். பேசி முடித்ததிலிருந்து ஏறத்தாழ மூன்று வருடம். இதை எனக்குச் சொல்லும்போது தம்பி அழுதான். ஐந்தாம் நாளில் அதை வாங்கியிருந்தால் இந்த அழுகை அவனுக்குக் கிடைத்திருக்காது.

என் மாணவிக்கு இன்னும் முடிவு தெரியாது. செய்தி போய் ஆறு நாள். முதல் இரண்டு நாள் புளூ டிக் மட்டும். மூன்றாம் நாள், "சரி, யோசிக்கிற" என்று ஒரு வரி. ஃபோட்டோ கேட்கவில்லை. ராத்தாவும் கோல் எடுக்கவில்லை. நல்ல அறிகுறி என்று நினைக்கிறேன், ஆனால் பார்க்க வேண்டும்.

உம்மாமாருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். 'ஒரு வார்த்தை தானே, சும்மா சொல்லிடு' என்று மகளுக்குச் சொல்லாதீர்கள். மகனின் ஃபோனில் வந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறக்காதீர்கள், 'அது உங்க ரெண்டு பேருட விசயம்' என்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். தட்டுப் போட நாள் குறிக்க முன், மகளைத் தனியாக அழைத்து, சாச்சி இல்லாமல், புரோக்கர் இல்லாமல், ஒரு தரம் கேளுங்கள். கேட்டுவிட்டு அவள் வாய் திறக்கும் வரை இருங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 'ஐ லவ் யூ' தானாக வரும், வரும்போது வரட்டும்.